அக்சும்: மலைமேல் இருந்துகொண்டு கடலில் சம்பாதித்த நாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அக்சும் பற்றிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அக்சும்ங்கறது எங்க இருக்கு? எந்தக் காலத்து ராஜ்ஜியம்?

எத்தியோப்பியாவின் வடக்கே திக்ராய் பீடபூமியில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அக்சும் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு வரை அதுதான் தலைநகர். திக்ராயும் இன்றைய எரித்திரியாவின் மேட்டு நிலமும் கரையோரமும் அந்த அரசின் கையில் இருந்தன. சில காலங்களில் செங்கடலைத் தாண்டி யேமனின் பகுதிகளும் அதன் ஆட்சிக்குள் வந்தன.

மேட்டு நிலம் என்றதும் வறண்ட பாறையை நினைத்துவிட வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல மழை உண்டு. காளை பூட்டி ஏர் உழுது கோதுமை, பார்லி, டெஃப் என்ற சிறுதானியம் விளைவித்த பூமி அது. சோற்றுக்கு அந்த நாடு கடலை நம்பி இருக்கவில்லை. கடல் கொடுத்தது அதற்கு மேற்பட்ட செல்வம்.

ஷேபா ராணி ஊர்தானே இது? உடன்படிக்கைப் பெட்டிகூட அங்கதான் இருக்காமே?

அப்படிச் சொல்லும் எத்தியோப்பிய மரபு உண்டு. அது முழு வடிவம் பெற்ற கெப்ர நகஸ்ட் என்ற நூல் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது அக்சும் அரசு மறைந்து பல நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியது. அக்சும் மன்னர்களின் கல்வெட்டுகளிலோ நாணயங்களிலோ அந்தக் கதையில் ராணி சந்திக்கும் சாலமோன் அரசரும் இல்லை, ஷேபாவும் இல்லை. எனவே இந்தப் பக்கத்தில் அந்தக் கதையை எடுத்துக்கொள்ளவில்லை.

மலைமேல இருக்கற ஊருக்குக் கடல் வியாபாரம் எப்படி சாத்தியம்? துறைமுகம் எங்க?

துறைமுகத்தின் பெயர் அடூலிஸ். எரித்திரியாவில் சூலா வளைகுடாவை ஒட்டி அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. முசிறியைப் பற்றிச் சொல்லும் அதே பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி வணிகக் கையேடு, கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடூலிஸ் எப்படி இருந்தது என்றும் சொல்கிறது. ஊர் கடற்கரையிலேயே இல்லை, சற்று உள்ளே தள்ளி இருந்தது. அங்கிருந்து கோலோய் என்ற உள்நாட்டு ஊருக்கு மூன்று நாள் நடை. யானைத் தந்தத்துக்கு முதல் சந்தை அந்த ஊர்தான். அங்கிருந்து அக்சும் தலைநகருக்கு இன்னும் ஐந்து நாள். ஆக மொத்தம் எட்டு நாள் பாதை.

அந்த எட்டு நாளில் கடினமானது முதல் மூன்று நாள்தான். வெப்பம் கொதிக்கும் கடலோரச் சமவெளியிலிருந்து செங்குத்தான மலைச்சரிவில் ஏற வேண்டும். கோலோய் இதுவாக இருக்கலாம் என்று பலர் கருதும் கொஹைத்தோ சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. சரக்கு ஏறவும் இறங்கவும் கணவாய்கள் சிலவே. அவற்றைக் கையில் வைத்திருப்பவனுக்கே உள்நாட்டுச் சரக்கும் கடல் சரக்கும் கட்டுப்படும். கப்பல் வைத்திருந்ததால் அக்சும் பணக்கார நாடு ஆனது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தச் செல்வத்தின் பூட்டு மலைப்பாதையில்தான் இருந்தது.

என்ன வித்தாங்க, என்ன வாங்கினாங்க?

பெரிப்ளூஸ் காலத்தில் வெளியே போனவை முக்கியமாக மூன்று: யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு. யானையும் காண்டாமிருகமும் உள்நாட்டில் கொல்லப்பட்டன, எப்போதாவது அடூலிஸ் பக்கக் கடற்கரையிலும் தென்பட்டன என்கிறது அந்த நூல். நைல் ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் தந்தம் முழுவதும் முதலில் அக்சுமில் சேர்ந்து, பிறகே துறைமுகத்துக்கு இறங்கியது. ஆமை ஓடு மட்டும் எதிரே இருந்த தீவுகளில் மீன்பிடிப்பவர்கள் கொண்டுவந்தது. பின்னாளில் தங்கமும் பெரிய சரக்கானது.

உள்ளே வந்தவற்றைப் பார்த்தால் யாருக்கு என்ன தேவைப்பட்டது என்று புரியும். பொதுமக்களுக்கு எகிப்திலிருந்து துணிகளும் கண்ணாடிப் பொருள்களும் வந்தன. வெட்டி அணிகலனாக்கப் பித்தளையும், சமையல் பாத்திரத்துக்கும் வளைக்கும் செம்புத் தகடும் வந்தன. வேட்டை ஈட்டிக்கு இரும்பு வந்தது. மன்னருக்குத் தனியாக வெள்ளிப் பாத்திரமும் பொற்பாத்திரமும், அவையும் உள்ளூர்ப் பாணியில் செய்யப்பட்டவை. கொஞ்சம் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் உண்டு. இந்தியாவிலிருந்து இரும்பு, எஃகு, பருத்தித் துணி ஆகியவை இறங்கின. ரோமக் காசும் சிறிதளவு வந்தது, அங்கே தங்கியிருந்த வெளிநாட்டாருக்காக. அதாவது 1ஆம் நூற்றாண்டிலேயே அடூலிசில் வெளிநாட்டு வியாபாரிகள் குடியிருந்தார்கள். கிறிஸ்தவம் பற்றிய கேள்விக்கு வரும்போது இந்த ஒரு வரி உதவும்.

அப்போது அப்பகுதியை ஆண்டவர் சோஸ்கலேஸ். பணத்தில் கெட்டி, மேலும் மேலும் வேண்டும் என்பவர், மற்றபடி நேர்மையானவர், கிரேக்கம் படித்தவர் என்று அவரைப் பற்றி அந்த நூலில் வருகிறது. ஒரு வியாபாரி எழுதிய நடத்தைச் சான்றிதழ் இப்படித்தான் இருக்கும்.

தங்கம் எங்கிருந்து கிடைச்சுது? அவங்களே தோண்டினாங்களா?

பெரும்பகுதி வாங்கியது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடூலிசுக்கு வந்த அலெக்சாந்திரிய வியாபாரி காஸ்மஸ், அந்தக் கொள்முதல் நடந்த விதத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தங்கம் விளைந்த இடம் தெற்கே சாசு என்ற நாடு. அக்சும் மன்னர் ஓராண்டு விட்டு ஓராண்டு, அகாவ் பகுதியின் ஆளுநர் மூலம் தன் ஆட்களை அங்கே அனுப்புவார். அவர்களுடன் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வியாபாரிகள் சேர்ந்து போவார்கள். கையில் கொண்டுபோவது மாடு, உப்புக்கட்டி, இரும்பு.

இடம் வந்ததும் முள்ளை வெட்டிப் பெரிய வேலி போட்டு உள்ளே தங்குவார்கள். மாட்டை அறுத்துத் துண்டு போட்டு, இறைச்சியையும் உப்பையும் இரும்பையும் முள்வேலியின்மேல் வைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் பட்டாணி அளவுள்ள தங்கக் கட்டிகளோடு வருவார்கள். பிடித்த துண்டின்மேல் ஒன்றோ இரண்டோ வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள். சரக்குக்காரருக்கு அது போதுமென்றால் தங்கத்தை எடுத்துக்கொள்வார். அவர் எடுத்ததைப் பார்த்ததும் வாங்க வந்தவர் சரக்கைத் தூக்கிக்கொண்டு போவார். போதாதென்றால் தங்கத்தைத் தொடமாட்டார். வாங்குபவர் இன்னும் கொஞ்சம் வைப்பார், இல்லையென்றால் வைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாய்ப்பேச்சே கிடையாது, ஏனென்றால் மொழி வேறு, மொழிபெயர்க்க ஆளில்லை.

இந்தச் சந்தை ஐந்து நாள்தான் நடக்கும். ஆனால் போய் வர ஆறு மாதம் பிடிக்கும். போகும்போது மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதால் மெதுவான நடை. வரும்போது மழைக்காலம் தொடங்கி ஆறுகள் வழிமறிக்குமுன் வந்துசேர வேண்டுமே என்ற அவசரம், கூடவே வழிப்பறிப் பயம். அதனால் ஆயுதத்தோடு வேகமாகத் திரும்புவார்கள். மன்னருக்கு இதில் என்ன பங்கு என்றால், பயணத்தைக் கூட்டுவதும் வழியைக் காப்பதும் அவர் ஆட்கள்தான். உப்புக்கும் இறைச்சிக்கும் வாங்கிய தங்கம் கடற்கரையில் ரோமர் கையில் என்ன விலை போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஆறு மாத அலைச்சலுக்குக் காரணம் புரியும்.

நம்ம பக்கத்தோட நேரடித் தொடர்பு இருந்துச்சா? இல்ல சும்மா பெருமைக்குச் சொல்றதா?

இருந்தது, ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அளவோடு பேச வேண்டும். மங்களூர்ப் பகுதியில் கிடைத்த புதையல் ஒன்றில் ரோமத் தங்கக் காசுகளோடு அக்சும் தங்கக் காசுகளும் இருந்தன. எதிர்த்திசையில், திக்ராயில் டெப்ரெ டாமோ மடாலயத்தில் வட இந்தியக் குஷாணர் தங்கக் காசுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. இடையில் இருக்கும் சொகோத்ரா தீவில் ஹோக் என்ற ஆழமான குகை ஒன்று உண்டு. அதன் சுவர்களில் இந்தியக் கடலோடிகள் பிராமியில் கிறுக்கிய பெயர்கள் ஏராளம், அக்சும்காரர்கள் எழுதியவையும் சில. இரு தரப்பும் ஒரே இடத்தில் தங்கிப் போனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இலங்கையைப் பற்றிக் காஸ்மஸ் சொல்லும் சம்பவம் ஒன்றும் உண்டு. சோபாத்ரோஸ் என்ற ரோம வியாபாரி அடூலிஸ்காரர்களோடு சேர்ந்து இலங்கைக்குப் போகிறார். அதே சமயம் ஒரு பாரசீகரும் அங்கே வந்திருக்கிறார். உங்களில் யாருடைய அரசர் பெரியவர் என்று மன்னர் கேட்க, சோபாத்ரோஸ் இருவரின் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். ரோமக் காசு தங்கம், பாரசீகக் காசு வெள்ளி. கதை ரோமருக்குச் சாதகமாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. நமக்கு வேண்டியது அதன் ஓரத்தில் இருக்கிறது: ரோம வியாபாரி இலங்கைக்குப் போக அடூலிஸ் கப்பல்காரர்களோடுதான் சேர்ந்திருக்கிறார்.

பணக்கார நாடுன்னு எதை வச்சு சொல்றீங்க?

முதலில் நாணயம். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் எண்டுபிஸ் என்ற மன்னர் தங்கத்திலும் வெள்ளியிலும் காசு அடித்தார். அந்தக் காலத்தில் சொந்தப் பெயரில் தங்கக் காசு வெளியிட்ட அரசுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. காசைக் கையில் எடுத்தால் மன்னரின் மார்பளவு உருவம் இருக்கும், அதன் இருபுறமும் ஒவ்வொரு தானியக் கதிர், மேலே பிறையும் வட்டும், சுற்றிலும் கிரேக்க எழுத்து. தன் நாட்டில் கீயெஸ் மொழி பேசியவர் ஏன் கிரேக்கத்தில் எழுதினார்? அந்தக் காசு போக வேண்டிய இடம் செங்கடல் சந்தை. எடையும் அதற்கேற்றதுதான். தொடக்கத்தில் சுமார் 2.7 கிராம், ரோமத் தங்கக் காசில் பாதி. கான்ஸ்டன்டைன் ரோமக் காசின் எடையை மாற்றிய பிறகு அக்சும் காசும் 1.6 கிராம் அளவுக்கு இறங்கியது.

அடுத்தது கல்தூண்கள். அக்சுமில் மன்னர்களின் கல்லறைகளுக்கு மேல் ஒரே கல்லில் செதுக்கிய தூண்களை நிறுத்தினார்கள். பொய்க்கதவும் பொய்ச்சன்னலும் வரிசையாகச் செதுக்கிய மாடி வீட்டின் உருவம் அவற்றில் இருக்கும். மிகப் பெரியது 33 மீட்டர் நீளம், 500 டன்னுக்கு மேல். நிறுத்தும்போதே விழுந்திருக்கலாம் என்பது பலரின் கணிப்பு, விழுந்தபடியே இன்றும் கிடக்கிறது. 24 மீட்டர் உயரமுள்ள மற்றொன்றை 1937இல் இத்தாலியர் ரோமுக்குக் கொண்டுபோனார்கள். அது 2005இல் திரும்பி வந்து 2008இல் மறுபடி நிறுத்தப்பட்டது.

கிறிஸ்தவம் எப்படி வந்துச்சு? ரெண்டு பசங்க கப்பல்ல வந்த கதை உண்மையா?

சாரம் உண்மை என்றே கொள்ளலாம். எழுதியவர் ருஃபினுஸ், கி.பி. 400ஐ ஒட்டிய காலம். கதையில் வரும் இருவரில் ஒருவரான எடேசியுஸ் வாயிலாகவே தான் கேட்டதாகச் சொல்கிறார். தீர் நகரத்து அறிஞர் மெரோப்பியுஸ் தன்னிடம் படித்த ஃப்ருமென்டியுஸ், எடேசியுஸ் என்ற இரண்டு சிறுவர்களோடு கடல் பயணம் போகிறார். திரும்பும் வழியில் தண்ணீருக்கும் உணவுக்கும் ஒரு துறையில் ஒதுங்குகிறார்கள். ரோமரோடு இருந்த உடன்பாடு அந்தச் சமயம் முறிந்திருந்தது. அப்படி முறிந்தால் கண்ணில் பட்ட ரோமரைக் கொல்வது அங்கே வழக்கம். கப்பலில் இருந்தவர்களை வெட்டிப் போடுகிறார்கள். இரண்டு சிறுவர்களும் மரத்தடியில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். இரக்கப்பட்டு அவர்களை மன்னரிடம் கொண்டுபோகிறார்கள்.

மன்னர் எடேசியுஸை மது பரிமாறும் பணியிலும், சூட்டிகையான ஃப்ருமென்டியுஸைக் கணக்கு வழக்கிலும் கடிதப் பொறுப்பிலும் வைக்கிறார். கிரேக்கம் எழுதத் தெரிந்தவர் அரண்மனைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு மேலே சொன்ன நாணயமே சாட்சி. மன்னர் இறக்கும்போது பிள்ளை சிறியவன். பிள்ளை வளரும்வரை ஆட்சிக்குத் துணை நிற்கும்படி அரசி கேட்டுக்கொள்கிறார். கையில் அதிகாரம் வந்ததும் ஃப்ருமென்டியுஸ் முதலில் தேடியது அங்கே வந்து போகும் ரோம வியாபாரிகளில் யார் கிறிஸ்தவர் என்பதைத்தான். அவர்கள் கூடி ஜெபிக்க ஆங்காங்கே இடம் ஏற்படுத்திக் கொடுக்கிறார். அக்சுமின் முதல் வழிபாட்டிடங்கள் வியாபாரிகளுக்காக எழுந்தவை.

இளவரசன் பொறுப்பேற்றபின் இருவரும் விடைபெறுகிறார்கள். எடேசியுஸ் ஊர் திரும்புகிறார். ஃப்ருமென்டியுஸ் அலெக்சாந்திரியா போய் ஆயர் அத்தனாசியுஸிடம், அங்கே ஓர் ஆயரை அனுப்புங்கள் என்கிறார். உன்னைவிடப் பொருத்தமானவர் யார் என்று அத்தனாசியுஸ் அவரையே ஆயராக்கித் திருப்பி அனுப்புகிறார். எத்தியோப்பிய சபை இன்றும் அவரை அப்பா சலாமா என்று அழைக்கிறது.

ருஃபினுஸ் "இந்தியா"ன்னுதானே எழுதியிருக்கார்? அப்ப அது நம்ம கதையா இருக்கலாமே?

இல்லை. அக்காலத்து எழுத்தாளர்கள் செங்கடலுக்குத் தெற்கே உள்ள எத்தியோப்பியா, யேமன், இந்தியா எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரால் குழப்பி அழைத்தார்கள். இந்த இடத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாததற்குக் காரணம், பேரரசர் கான்ஸ்டன்டியுஸ் எழுதிய கடிதம். அதை அத்தனாசியுஸ் தன் நூலில் அப்படியே சேர்த்திருக்கிறார். அக்சுமின் ஆட்சியாளர்கள் என்று பெயர் சொல்லியே எழுதிய அந்தக் கடிதத்தில், உங்கள் ஆயர் ஃப்ருமென்டியுஸ் என்று வருகிறது.

பழைய ரோம நூல்களில் இந்தியா என்று வரும் இடமெல்லாம் பக்கத்தில் என்ன ஊர்ப்பெயர், என்ன சரக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

எந்த வருஷம் ராஜா மதம் மாறினார்? 330ன்னு ஒரு இடத்துல, 350ன்னு ஒரு இடத்துல போட்டிருக்காங்க.

மன்னர் எசானா. ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் கல்வெட்டு இல்லை. அதனால் 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஆனால் மாறியதைக் கண்ணால் பார்க்கலாம். அவருடைய முந்தைய காசுகளில் பழைய பிறையும் வட்டும் இருக்கின்றன. பிந்தையவற்றில் அதே இடத்தில் சிலுவை. காசில் சிலுவை பொறித்த மிகப் பழைய அரசர்களில் அவரும் ஒருவர்.

கல்வெட்டுகளிலும் இதே மாற்றம். முந்தையதில் தன்னைத் தோல்வியறியா மஹ்ரம் தெய்வத்தின் மகன் என்கிறார். அதையே கிரேக்கத்தில் எழுதும்போது கிரேக்கரின் போர்த்தெய்வமான ஏரீஸ் என்று போடுகிறார். பிந்தைய கீயெஸ் கல்வெட்டில் அந்தத் தெய்வம் இல்லை, வானத்தின் ஆண்டவர் என்று பொதுவாக வருகிறது. 1969இல் கண்டெடுத்த கிரேக்கக் கல்வெட்டிலோ தந்தை, மகன், தூய ஆவி என்று வெளிப்படையாகவே இருக்கிறது. வெளிநாட்டார் படிக்கும் மொழியில் தெளிவு, உள்ளூரார் படிக்கும் மொழியில் யாரையும் உறுத்தாத பொதுச்சொல். கவனமாக எடுத்து வைத்த அடி என்றுதான் தோன்றுகிறது.

அப்ப வியாபார லாபத்துக்காகத்தான் மாறினாரா?

லாபம் இருந்தது என்பது உண்மை, அது மட்டுமே காரணம் என்றால் பொருந்தாது. ரோம அரசு கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்துவிட்ட காலம் அது. பெரிய வாடிக்கையாளரின் மதத்தையே தானும் ஏற்பது மன்னருக்கு உதவியிருக்கும். தூதர்கள் அடிக்கடி வந்து போனதற்கும் சான்று உண்டு: அக்சுமுக்கும் யேமனில் இருந்த ஹிம்யர் அரசுக்கும் போகும் அரசுப் பயணிகள் அலெக்சாந்திரியாவில் ஓராண்டுக்குமேல் தங்கினால் அரசு செலவு தராது என்று 350களில் ரோமப் பேரரசில் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

ஆனால் முன்சொன்ன கடிதத்தைப் படியுங்கள். காலம் 356ஐ ஒட்டியது. கான்ஸ்டன்டியுஸ், மகன் தந்தைக்குச் சமமல்ல என்ற ஆரியுஸ் தரப்புக் கொள்கையை ஆதரித்தவர். அத்தனாசியுஸைப் பதவியிலிருந்து விரட்டியவர். எசானாவையும் அவர் தம்பி சசானாவையும் அன்புச் சகோதரர்கள் என்று விளித்து, ஃப்ருமென்டியுஸை அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புங்கள், அங்கே புதிய ஆயர் ஜார்ஜ் அவரைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று எழுதுகிறார். லாபம் மட்டுமே நோக்கமானால் அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். அனுப்பியதற்கு எந்தத் தடயமும் இல்லை. எத்தியோப்பிய சபை அத்தனாசியுஸின் கொள்கையிலேயே நின்றது, அலெக்சாந்திரியாவிலிருந்தே தலைமை ஆயரைப் பெறும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. தனக்கென்று சொந்தப் பிதாப்பிதா கிடைத்தது 1959இல்தான்.

ராஜா மாறினதும் ஜனங்களும் மாறிட்டாங்களா?

உடனே இல்லை. எசானாவுக்குப் பின் வந்த வெண்கலக் காசுகளில் சிலுவையோடு கிரேக்கத்தில் ஒரு வாசகம் வருகிறது: இது நாட்டுக்கு உவப்பாகட்டும். தங்கக் காசு வெளிநாட்டுக்கு, வெண்கலக் காசு உள்ளூர்ச் சந்தைக்கு. ஊர் மக்கள் கையில் புழங்கும் காசில்தான் இந்த வேண்டுகோள் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

திக்ராயில் யேஹா என்ற ஊருக்கு அருகே பேட்டா சமாட்டி என்ற இடத்தில் 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோயில் கட்டடம் ஒன்றைத் தோண்டி எடுத்து 2019இல் விவரம் வெளியிட்டார்கள். அங்கே சிலுவை செதுக்கிய கல் பதக்கமும் கிடைத்தது, காளைத் தலை பொறித்த தங்க மோதிரமும் கிடைத்தது. மன்னர் மாறிய காலத்தை ஒட்டியே தலைநகருக்கு வெளியிலும் கோயில் இருந்தது என்பது இதனால் தெரிகிறது. நாட்டுப்புறம் முழுவதும் பரவியதற்கு 5ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்பது துறவியரைக் காரணம் காட்டுகிறது மரபு. அவர்களில் ஒருவரான அப்பா அரகாவி நிறுவியதுதான் குஷாணர் காசு கிடைத்த டெப்ரெ டாமோ. செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கும் அந்த மடாலயத்துக்கு இன்றும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், ஆண்களுக்கு மட்டுமே அனுமதி.

உலகத்தின் முதல் கிறிஸ்தவ நாடுன்னு சொல்லலாமா?

வேண்டாம். ஆர்மீனியா அதற்கு முந்தியது. ஆனால் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தைத் தன் அதிகார மதமாக அறிவித்தது 380இல். அக்சும் மன்னர் அதற்கு ஒரு தலைமுறை முன்பே மாறிவிட்டார். மிக முந்தையவற்றில் ஒன்று என்றால் யாரும் மறுக்க முடியாது.

காலேப் யேமன்மேல படையெடுத்தது மதத்துக்கா, வியாபாரத்துக்கா?

இரண்டையும் பிரிக்க முடியாத விஷயம். ஹிம்யரில் யூத மதத்தைத் தழுவிய யூசுஃப் என்ற மன்னர் 523இல் நஜ்ரான் நகரத்துக் கிறிஸ்தவர்களைக் கொன்றார். 525இல் அக்சும் மன்னர் காலேப் கடல் கடந்து போய் அவரை வீழ்த்தினார். அடூலிஸின் கப்பல் துறையான கபாசாவில் கூடிய கப்பல்களின் பட்டியல் ஒரு கிரேக்க நூலில் இருக்கிறது: க்ளிஸ்மாவிலிருந்து 20, அய்லாவிலிருந்து 15, யோத்தாபேயிலிருந்து 7, பெரனிகேயிலிருந்து 2, ஃபரசான் தீவிலிருந்து 7, இந்தியாவிலிருந்து 9. மொத்தம் 60. பெரும்பாலானவை செங்கடல் துறைகளின் வணிகக் கப்பல்கள். மதச்சண்டைக்குப் படையை ஏற்றிப் போனது வியாபாரக் கப்பல் என்றால் நோக்கத்தை எப்படிப் பிரிப்பது? இந்தியா என்ற சொல்லுக்கு முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

இந்த வெற்றிக்கும் எல்லை இருந்தது. சில ஆண்டுகளில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தூதனுப்பி, பாரசீகரிடம் வாங்காமல் இருக்க இந்தியாவிலிருந்து பட்டுச் சரக்கை நீங்கள் வாங்கி எங்களுக்கு விற்றால் உங்களுக்கும் லாபம் என்றார். காலேப் சம்மதித்தார், நடக்கவில்லை. இந்தியக் கப்பல்கள் வரும் துறைகளில் பக்கத்து நாட்டுக்காரர்களான பாரசீக வியாபாரிகள் முன்கூட்டியே நின்று முழுச் சரக்கையும் வாங்கிவிடுவார்கள் என்று காரணம் சொல்கிறார் அக்கால ரோம வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியுஸ். சொந்த மலைப்பாதையைப் பூட்டி வைக்க முடிந்த அக்சுமால் அடுத்தவர் துறைமுகத்தில் முந்திக்கொள்ள முடியவில்லை.

கடைசில இஸ்லாமியப் படைதான் அக்சுமை அழிச்சுதா?

அப்படி ஒரு படையெடுப்பு தலைநகர்மேல் நடக்கவேயில்லை. 615ஐ ஒட்டி மெக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் அடைக்கலம் தேடிப் போனதே அக்சும் மன்னரிடம்தான். அரபு மரபு அவரை நஜாஷி என்று இன்றும் மரியாதையோடு நினைக்கிறது.

சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 6ஆம் நூற்றாண்டில் தங்கக் காசில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. 570ஐ ஒட்டிப் பாரசீகர் யேமனைப் பிடித்து எதிர்க்கரையில் உட்கார்ந்தார்கள். கடைசியாகக் காசு அடித்தவராகக் கருதப்படும் அர்மாவின் பெயரில் தங்கக் காசே இல்லை, வெள்ளியும் வெண்கலமும் மட்டும். 7ஆம் நூற்றாண்டில் அடூலிஸ் ஒடுங்கியது, எகிப்தும் சிரியாவும் ரோமர் கையை விட்டுப் போயின. தந்தம் வாங்கிய பெரிய வாடிக்கையாளரோடு இருந்த கடல்வழித் தொடர்பு அறுந்தது. தலைநகரைச் சுற்றிய சரிவுகளில் மரம் வெட்டியும் ஓயாமல் உழுதும் மண் அரித்துப் போனதையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள்.

அரசு தெற்கே நகர்ந்தது, காசு அடிப்பது நின்றது. மலைப்பாதை வழியே ஏறிவந்த சபை மட்டும் அக்சுமிலேயே நிலைத்தது. கடற்கரை கைவிட்டுப் போன பின்னும் அதன் ஆயர் அலெக்சாந்திரியாவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதனால் பிந்தைய நூற்றாண்டுகளில் எகிப்தை ஆண்ட முஸ்லிம் அரசர்களோடு பேசி, வழிவாங்கி, ஆயருக்காகக் காத்திருப்பது எத்தியோப்பிய மன்னர்களின் வாடிக்கையான வேலை ஆனது.